இன்வெர்ட்டர் பெட்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும்? டர்பனில் போட்ட கணக்கும் ஜொகானஸ்பர்க்கில் திருத்திய கணக்கும்

2023இல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் பெட்டி செய்தேன். இரும்புத் தகட்டுப் பெட்டி. கீழே வடிகட்டியோடு ஒரு திறப்பு, மேலே வெளித்தள்ளும் விசிறி ஒன்று, அதன் முகப்பில் துளையிட்ட தகடு. நன்றாகவே ஓடியது. அதைப் பார்த்த என் தங்கை, ஜொகானஸ்பர்க்கின் லெனேசியாவில் இருக்கும் தன் வீட்டுக்கும் அதேபோல ஒன்று கேட்டாள். அச்சு மாறாமல் இன்னொன்று செய்து, ஜொகானஸ்பர்க் போகும் உறவினரின் வண்டியில் ஏற்றிவிட்டேன். அந்தக் கோடையில் மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார்: "மச்சான், வெயில் நாளில் மின்வெட்டு வந்தால் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது."

ஒரே பெட்டி, ஒரே விசிறி, ஒரே சுமை. ஒன்று ஓடுகிறது, மற்றொன்று நிற்கிறது. காரணம் காற்றில் இருந்தது. இந்தக் கணக்கை முதன்முறையாகப் போடுகிறவர்களுக்காக, நான் போட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். சறுக்கிய இடத்தையும் மறைக்கவில்லை.

முதல் படி: பெட்டிக்குள் எவ்வளவு வெப்பம்?

இன்வெர்ட்டரின் மேல் 3 கிலோவாட் என்று எழுதியிருக்கும். அந்த எண் இந்தக் கணக்குக்கு உதவாது. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி கம்பி வழியாக வெளியே போய், குளிர்பதனப் பெட்டியிலும் விளக்கிலும்தான் செலவாகிறது. பெட்டிக்குள் தங்குவது இழப்பு மட்டுமே. உள்ளே வருவதிலிருந்து வெளியே போவதைக் கழித்தால் கிடைப்பது அது.

நான் அளந்த விதம் இதுதான். வீட்டில் வழக்கமாக ஒன்றாக ஓடும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வெளியே போவது 2,000 வாட் என்று பார்த்துக்கொண்டேன். பிறகு பேட்டரிக் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடிய மீட்டராக இருக்க வேண்டும். மலிவான பலவற்றில் அந்த வசதி இருக்காது. 48 வோல்ட்டில் 46.3 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 2,222 வாட். ஆக இழப்பு 222 வாட். பெட்டிக்குள்ளேயே இணையக் கருவியும் அதன் அடாப்டரும் சின்னச் சின்ன மின்சுற்றுகளும் இருந்தன. அவற்றுக்கு 18 வாட் சேர்த்தேன். மொத்தம் 240 வாட்.

அளக்க வழியில்லாதவர்கள் செயல்திறனை வைத்துக் கணக்கிடலாம். அதில் ஒரு வழுக்கல் உண்டு. செயல்திறன் 90 விழுக்காடு என்றால் இழப்பு 2,000 வாட்டில் பத்தில் ஒன்று, அதாவது 200 வாட் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். 2,000 என்பது வெளியே வருவது. உள்ளே போவது 2,000-ஐ 0.9-ஆல் வகுத்தது, அதாவது 2,222. இழப்பு 222. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் செயல்திறன் குறையக் குறைய அது பெருத்துக்கொண்டே போகும்.

மின்சாரம் திரும்பி வந்து பேட்டரி சார்ஜ் ஆகும்போதும் வெப்பம் உண்டாகும். இரண்டு நிலையையும் பார்த்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். என் பெட்டியில் சார்ஜ் ஆகும்போது குறைவாகவே இருந்தது. இன்னொன்று: ஈய அமில பேட்டரியை இதே பெட்டிக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் வாயுவை விடும். அதற்கான காற்றோட்டம் தனிக் கணக்கு, தனி இடம்.

இரண்டாம் படி: காற்று எத்தனை டிகிரி சூடாகலாம்?

பெட்டிக்குள் நுழையும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் இங்கே பேசப்படுவது. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்னணுச் சில்லின் சூடோ, வெப்பம் உறிஞ்சும் அலுமினியத் தகட்டின் சூடோ இங்கே வராது. அவை தம்மைச் சுற்றியுள்ள காற்றைவிட இன்னும் பல டிகிரி அதிகமாகவே இருக்கும்.

இன்வெர்ட்டரோடு வரும் கையேட்டில், அதைச் சுற்றியுள்ள காற்று எவ்வளவு வரை சூடாக இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். என்னுடையதில் 45 டிகிரி. அதற்கு மேல் போனால் அது முழுச் சுமையைத் தாங்காது. அடுத்து, பெட்டி நிற்கும் இடத்தின் மிக மோசமான வெப்பநிலை. தகரக் கூரையின் கீழ் பிப்ரவரிப் பிற்பகலில் 35 டிகிரி என்று எடுத்துக்கொண்டேன். 45-இல் 35 போனால் மிச்சம் 10 டிகிரி.

இந்த மிச்சத்தைத் தாராளமாகக் கற்பனை செய்துகொள்வதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது. அறையின் சராசரி வெப்பத்தைப் போட்டால் 20 டிகிரி மிச்சம் இருப்பதுபோலத் தெரியும். பாதிக் காற்று போதும் என்று கணக்கு சொல்லும். வெயில் நாளில் குட்டு வெளிப்படும். எதிர்ப்பக்கமும் உண்டு. மிச்சம் 5 டிகிரிதான் என்றால் காற்று இரு மடங்கு வேண்டும். 2 டிகிரி என்றால் ஐந்து மடங்கு. மிச்சமே இல்லையென்றால் எந்த விசிறியாலும் ஆகாது. விசிறியால் பெட்டிக்குள் இருக்கும் காற்றை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது.

மூன்றாம் படி: கணக்கு

```
Q = P / (ρ × c × ΔT)
```

Q என்பது ஒரு நொடிக்கு எத்தனை கன மீட்டர் காற்று. P நம் 240 வாட். ΔT நம் 10 டிகிரி. c என்பது ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல், ஏறத்தாழ 1,005 ஜூல். இது ஊருக்கு ஊர் மாறாது. ρ என்பது ஒரு கன மீட்டர் காற்றின் எடை, கிலோவில். இதுதான் ஊருக்கு ஊர் மாறுவது. இதைத்தான் நான் கவனிக்கத் தவறினேன்.

முதலில் டர்பன். கடற்கரையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். சாட்ஸ்வொர்த் மேட்டில் ஒன்றிரண்டு குறையும், அதனால் கணக்கு பெரிதாக மாறாது. 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.15 கிலோ இருக்கும். அதை 1,005-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,150. அதாவது ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி சூடானால் 1,150 ஜூலைச் சுமந்துகொண்டு போகும்; 10 டிகிரி சூடானால் 11,500 ஜூல். நமக்கு நொடிக்கு 240 ஜூல் வெளியேற வேண்டும். 240-ஐ 11,500-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.0209 கன மீட்டர். 3,600-ஆல் பெருக்கினால் மணிக்கு 75 கன மீட்டர்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கடலோர ஊருக்குச் சுருக்கம் இதுதான்:

```
Q (m³/h) = 3.1 × P / ΔT
```

விசிறிகளில் சில நேரம் கன அடிக் கணக்கில், நிமிடத்துக்கு இத்தனை என்று போட்டிருப்பார்கள். மணிக்கணக்குக் கன மீட்டரை 1.7-ஆல் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். நம் 75 கன மீட்டர் அங்கே 44 ஆகும்.

பெட்டியின் இரும்புச் சுவர் வழியாகவும் கொஞ்சம் வெப்பம் போகும். முதல் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். வடிகட்டியில் தூசு படியும்போது கைகொடுக்க அது இருப்பாக இருக்கட்டும்.

நான்காம் படி: விசிறி வாங்குதல்

75 வேண்டும் என்றால் 75 எழுதிய விசிறியை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். உறையில் போட்டிருக்கும் எண், விசிறிக்கு முன்னாலும் பின்னாலும் எதுவுமே தடுக்காமல் இருக்கும்போது கிடைப்பது. பெட்டியில் மாட்டியதும் வடிகட்டி தடுக்கும், துளைத் தகடு தடுக்கும், உள்ளே குறுக்கே போகும் கம்பிக் கட்டும் தடுக்கும். விசிறியின் விவரத்தாளில் ஒரு வளைகோடு இருக்கும்: தடை கூடக் கூடக் காற்று எப்படிக் குறைகிறது என்று அது காட்டும். அதன் வலது முனைதான் உறையில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்.

பெட்டியின் தடையை முன்கூட்டித் துல்லியமாகக் கணிப்பது எளிதல்ல. வடிகட்டியோடு கூடிய சாதாரணப் பெட்டியில் உறை எண்ணில் பாதி கிடைக்கும் என்று தொடங்குவது என் வழக்கம். 75 வேண்டும் என்பதால் 160 எழுதிய 120 மில்லிமீட்டர் விசிறியை வாங்கினேன்.

திறப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் இதுதான் உதவியது. அழகுக்காகத் துளைத் தகடு மாட்டுகிறோம். அதில் துளைகள் பத்தில் நான்கு பங்குதான் இருக்கும், மீதி இரும்பு. காற்று அந்தச் சிறு வழியில் வேகமெடுத்துத்தான் போக வேண்டும். தடையோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வழி பாதியானால் தடை நான்கு மடங்கு. 120 மில்லிமீட்டர் வட்டத்தில் முழு வழியும் திறந்திருந்தால் 75 கன மீட்டருக்கு ஆறேழு பாஸ்கல் தடைதான் வரும். பத்தில் நான்கு பங்குத் திறப்பு என்றால் அது 40 பாஸ்கலை ஒட்டிப் போய்விடும். இந்த அளவு விசிறிகள் பலவற்றுக்கு மூச்சு முட்டுவது அங்கேதான். நான் முதலில் இதைப் பொருட்படுத்தவில்லை. தகடு பார்வைக்கு நன்றாக இருந்தது.

ஐந்தாம் படி: அளந்து பார்த்தல்

கம்பி நுனி கொண்ட இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றைக் கீழே காற்று நுழையும் வடிகட்டிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். மற்றொன்றை மேலே காற்று வெளியேறும் இடத்தில் வையுங்கள். நுனி இரும்பைத் தொடக்கூடாது. தொட்டால் இரும்பின் சூட்டைத்தான் காட்டும். வெளியேறும் இடத்தில் காற்று ஒரே சீராக இருக்காது. விசிறி முகத்தில் நான்கைந்து இடங்களில் பிடித்துப் பார்த்துச் சராசரி எடுங்கள். முழுச் சுமையைப் போட்டு, எண்கள் நகராமல் நிற்கும் வரை காத்திருங்கள். அரை மணி நேரமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொண்டு போனால் இரும்பே இன்னும் சூடாகியிருக்காது.

சாட்ஸ்வொர்த்தில் நுழையும் காற்று 29, வெளியேறும் காற்று 38. வித்தியாசம் 9 டிகிரி. இதை வைத்துச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், உண்மையில் எவ்வளவு காற்று ஓடுகிறது என்று தெரியும்: 3.1-ஐ 240-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் மணிக்கு 83 கன மீட்டர். 160 எழுதிய விசிறி தந்தது 83. சுவர் வழியாகவும் கொஞ்சம் வெப்பம் போவதால் இந்த எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும். ஆனாலும் 75-ஐத் தாண்டிவிட்டது என்று நிம்மதியானேன்.

காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. பூசை அறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, மூடிய பெட்டியின் வெளிப்புற ஓரங்களில் மெல்ல நகர்த்தினேன். கீழ்த் திறப்பில் புகை உள்ளே சாய்ந்தது, சரி. ஆனால் விசிறிக்கு ஒரு சாண் கீழே, கம்பி நுழையும் துளையருகே புகை சட்டென்று நூலாகி உள்ளே ஓடியது. அந்த வழியாக நுழையும் காற்று இன்வெர்ட்டர் பக்கமே போகாமல், நேரே விசிறிக்குப் போய் வெளியேறிவிடுகிறது. கன மீட்டர் கணக்கில் பார்த்தால் காற்று கூடுதலாகத் தெரியும், குளிர்ச்சிக்குப் பயன் இல்லை. ரப்பர் வளையம் போட்டு அடைத்தேன். பத்தியை மின்முனைகளின் அருகிலோ பேட்டரியின் அருகிலோ கொண்டுபோகாதீர்கள்.

லெனேசியாவில் நடந்தது

மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டு முதலில் வடிகட்டியைத்தான் சந்தேகித்தேன். "கழற்றிக் கழுவுங்கள்" என்றேன். கழுவினார், மாற்றம் இல்லை. விசிறி மெதுவாகச் சுற்றுகிறதோ என்று ஒலியைக் கேட்டேன், வழக்கமான ஒலிதான். அடுத்த முறை அங்கே போனபோது வெப்பமானிகளையும் எடுத்துப் போனேன்.

பெட்டி நின்றது கார் நிறுத்தும் கொட்டகையில். திருட்டுப் பயத்தால் கதவை மூடியே வைப்பார்கள். தகரக் கூரை. நுழையும் காற்று 35, வெளியேறும் காற்று 46. வித்தியாசம் 11 டிகிரி. சாட்ஸ்வொர்த்தில் இதே சுமைக்கு 9. வெளியேறும் காற்று திரும்பச் சுற்றி உள்ளே நுழைகிறதா என்றும் பார்த்தேன். அப்படியானால் வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் காற்று அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

பிறகுதான் உறைத்தது. ஜொகானஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிற மேட்டு நிலம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 0.94 கிலோதான், டர்பன் காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறியோ எடையைப் பார்ப்பதில்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு இடம் என்று காற்றை வாரித் தள்ளுகிறது, அவ்வளவே. மெல்லிய காற்றில் விசிறியின் தள்ளும் வலிமை குறைகிறது. அதே விகிதத்தில் தகட்டின் தடையும் குறைகிறது. ஆகவே மேட்டிலும் அதே 83 கன மீட்டர்தான் ஓடும். கன மீட்டர் மாறவில்லை, அதற்குள் இருக்கும் காற்று குறைந்துவிட்டது. அதே வண்டியில் மூட்டையைக் குறைத்து ஏற்றி அனுப்பியது போலாகிவிட்டது.

மேட்டு நிலத்துக்குச் சுருக்கம் இப்படி மாறும்:

```
Q (m³/h) = 3.8 × P / ΔT
```

3.8-ஐ 240-ஆல் பெருக்கி 83-ஆல் வகுத்தால் 11 டிகிரி. அளந்ததும் அதுதான். 35-ஓடு 11 சேர்ந்தால் 46. கையேட்டின் எல்லை 45. ஒரு டிகிரிக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். மெல்லிய காற்று அலுமினியத் தகட்டிலிருந்தும் வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துப் போகிறது. எனவே காற்று ஒரு டிகிரி கூடினால், உள்ளே இருக்கும் தகடு அதைவிடப் பல டிகிரி கூடும். இன்வெர்ட்டரை நிறுத்துவது அந்தத் தகட்டில் ஒட்டியிருக்கும் உணரிதான்.

உங்கள் ஊருக்கு எண் கண்டுபிடிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வானிலைச் செயலியில் காற்றழுத்தம் பார்த்தால் ஜொகானஸ்பர்க்கிலும் 1,020 ஹெக்டோபாஸ்கல் என்பதுபோல ஏதோ காட்டும். அது கடல்மட்டத்துக்கு மாற்றி எழுதப்பட்ட எண். அதைச் சூத்திரத்தில் போட்டால் டர்பன் விடையேதான் வரும். அழுத்த உணரி உள்ள கைபேசியில், உணரியின் நேரடி எண்ணைக் காட்டும் செயலியைத் திறந்து பாருங்கள். 830-ஐ ஒட்டிக் காட்டினால் அதுதான் உண்மை. அதைக்கொண்டு 1,013-ஐ வகுத்து, 3.1-ஆல் பெருக்கினால் உங்கள் ஊர் எண் கிடைக்கும்.

மேட்டு ஊர் என்றாலே கூடுதல் காற்று வேண்டும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். இதே பெட்டி அதே லெனேசியாவில், 30 டிகிரியைத் தாண்டாத வீட்டு நடையில் நின்றிருந்தால் மிச்சம் 15 டிகிரி. 3.8-ஐ 240-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 61 கன மீட்டர் போதும், டர்பனைவிடக் குறைவு. எங்களைக் கவிழ்த்தது மேடும் மூடிய கொட்டகையும் சேர்ந்துதான். இன்வெர்ட்டரை வீட்டுக்குள் மாற்றலாம் என்றேன். தங்கை அந்த இரைச்சலை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள். நியாயம்தான்.

கொட்டகையிலேயே இருக்க வேண்டும் என்றால் 3.8-ஐ 240-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்து, 91 கன மீட்டர் வேண்டும். இரண்டாவது விசிறி வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைத்தால் இரட்டிப்பாகும் என்று தோன்றும். தடை அதிகமுள்ள பெட்டியில் அப்படி ஆகாது. இரண்டும் ஒரே அடைப்பை எதிர்த்து முக்கிக்கொண்டிருக்கும். அடைப்பை நீக்குவதுதான் முதல் வேலை.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, இன்வெர்ட்டரை வெளியே எடுத்து வைத்தோம். இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் காற்றோட்டத்தைப் பற்றிக் கவலைப்படவே தேவையிருக்காது. துளைத் தகடு இருந்த இடத்தை முழு வட்டமாக வெட்டி, விரல் நுழையாத கம்பி வலை மாட்டினேன். கம்பி மெல்லியதாக இருந்ததால் வழி பெரும்பாலும் திறந்தே இருந்தது. விசிறியை மாற்றவில்லை. மறுநாள் பிற்பகலில் அதே சுமையில் நுழையும் காற்று 35, வெளியேறும் காற்று 44. அதாவது மணிக்கு ஏறத்தாழ 101 கன மீட்டர்.

அந்த இரண்டு எண்களையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன். மாதம் ஒருமுறை முழுச் சுமையில் அளந்து, வித்தியாசம் 10 டிகிரியைத் தொட்டால் வடிகட்டியைக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.